குவார்ட்டரும் கடுகளவு கல்லும்

மேல் வயிற்றில் திடீரென்று வலி பிடித்தால் நம் வீடுகளில் அதற்கு முதலில் வைக்கும் பெயர் கேஸ். உடனே ஒருவர் சோடா வாங்க ஓடுவார், இன்னொருவர் ஓமத்தைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைப்பார். ஏப்பம் விட்டு அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டால் கேஸ் என்றே இருக்கட்டும். ஆனால் நேரம் ஆக ஆக வலி ஏறுகிறது, தொப்புளுக்கு மேலே கிளம்பி முதுகைத் துளைப்பதுபோல் போகிறது, மல்லாந்து படுக்க முடியவில்லை, முன்னால் குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டால்தான் கொஞ்சம் தாங்குகிறது, வாந்தி எடுத்தும் வலி இறங்கவில்லை என்றால் அது வேறு கதை. கணையம் வீங்கத் தொடங்கியிருக்கலாம். மாரடைப்பும் சில சமயம் மேல் வயிற்று வலியாக வரும் என்பதால், இரண்டில் எதுவாக இருந்தாலும் போக வேண்டிய இடம் மருத்துவமனைதான்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே கிடக்கும் உறுப்பு. ஒரு சாண் நீளம்கூட இருக்காது. இன்சுலின் சுரப்பது அதன் ஒரு வேலை. நாம் தின்னும் கறியையும் கொழுப்பையும் மாவுச்சத்தையும் உடைக்கும் செரிமான நொதிகளைத் தயாரித்து, மெல்லிய குழாய் வழியாகச் சிறுகுடலுக்கு அனுப்புவது மற்றொரு வேலை. கறியையே கரைக்கும் சாறு கணையத்தை ஏன் கரைப்பதில்லை? அந்த நொதிகளில் மிக ஆபத்தானவை செயலற்ற நிலையில்தான் கணையத்தை விட்டுக் கிளம்புகின்றன. தீக்குச்சியின் மருந்து பெட்டியில் உரசும்வரை பற்றுவதில்லையே, அதுபோல அவை சிறுகுடலைத் தொட்ட பிறகுதான் வேலையைத் தொடங்கும். ஏதோ ஒரு காரணத்தால் கணையத்துக்குள்ளேயே பற்றிக்கொண்டால் உறுப்பு தன்னைத்தானே செரிக்கத் தொடங்கிவிடும். இதைத்தான் மருத்துவர்கள் திடீர் கணைய அழற்சி என்கிறார்கள். அந்த வீக்கத்திலிருந்து கிளம்பும் நச்சுத்தன்மையுள்ள பொருள்கள் ரத்தத்தில் கலந்து நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும்போதுதான் உயிருக்கே ஆபத்து வருகிறது.

ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு ஆயிரத்தைத் தாண்டுவது, சில மருந்துகள், கால்சியம் அளவு ஏறுவது என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் இந்த வலியோடு வருபவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் இரண்டில் ஒன்று: பித்தப்பைக் கல் அல்லது மது.

கல்லின் கதை எளிது. பித்தக் குழாயும் கணையக் குழாயும் தனித்தனியாக வந்து, சிறுகுடலில் திறக்கும் இடத்தில் ஒரே வாசலைப் பகிர்ந்துகொள்கின்றன. பித்தப்பையிலிருந்து நழுவிய சிறு கல் அந்த வாசலில் மாட்டினால் இரண்டுமே அடைபடும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் யூஜீன் ஓப்பி 1901-இல் இறந்த நோயாளி ஒருவரின் உடலைப் பரிசோதித்தபோது கல் சரியாக இந்த வாசலில் அடைத்துக் கிடந்ததைக் கண்டு எழுதினார். இதில் ஒரு விசித்திரம் உண்டு. பித்தப்பையிலேயே உட்கார்ந்திருக்கும் நெல்லிக்காய் அளவுக் கல்லால் கணையத்துக்கு அவ்வளவு பயமில்லை, அது குறுகலான குழாய்க்குள் நுழையவே முடியாது. கடுகளவு, மிளகளவு கற்கள்தான் நழுவி இறங்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'சிறு கற்கள்' என்று படித்துவிட்டு நிம்மதி அடைபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மது எப்படிக் கணையத்தைக் கெடுக்கிறது என்பது இவ்வளவு நேர்க்கோடாக விளங்கவில்லை. கணையச் செல்களுக்கு அது நேரடியாக நஞ்சாகிறது, சாற்றைக் கெட்டியாக்கிச் சிறு குழாய்களை அடைக்கிறது என்பது வரை தெரியும். பொதுவாக, நாளுக்கு 50 கிராமுக்கு மேல் தூய ஆல்கஹால், 5 ஆண்டுக்கு மேல் என்று குடித்தவர்களையே இது பிடிக்கிறது. 50 கிராம் என்றால் எவ்வளவு? ஒரு குவார்ட்டர் பாட்டில் 180 மில்லி. பிராந்தி, ரம் லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 60 கிராம். "ராத்திரி ஒரே ஒரு குவார்ட்டர்தான் சார்" என்பவர் எல்லையைத் தாண்டித்தான் நிற்கிறார். பீர் குடிப்பவருக்கும் சலுகை இல்லை, 8 சதவீத ஸ்ட்ராங் பீர் இரண்டு பெரிய பாட்டில் 80 கிராமைத் தொடும். குடிப்பவர் எல்லோருக்கும் கணையம் வீங்குவதில்லை, சிறு பங்கினருக்கே வீங்குகிறது. யார் அந்தச் சிறு பங்கு என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. சிகரெட்டும் சேர்ந்தால் வாய்ப்பு கூடுகிறது என்பது மட்டும் உறுதி.

ஒரு நோயாளியைக் கற்பனையாக வைத்துக்கொண்டு பேசுவோம். வயது 38, எடை 60 கிலோ, லோடு வண்டி ஓட்டுகிறார். 12 ஆண்டுகளாகத் தினமும் குவார்ட்டர், ஞாயிறு என்றால் இரண்டு. உறவில் ஒரு விசேஷம், சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போனது. திங்கள் அதிகாலை வலி. விடியும்வரை கேஸ் மாத்திரையோடு ஓட்டிவிட்டு, காலை 7 மணிக்கு மனைவியும் மச்சானும் ஆட்டோவில் அழைத்துவருகிறார்கள்.

முதலில் இ.சி.ஜி. எடுத்து இதயத்தில் பிரச்சினை இல்லை என்று பார்த்துக்கொள்கிறார்கள். அடுத்து ரத்தத்தில் லைபேஸ் பரிசோதனை. இயல்பான உச்ச வரம்பைப் போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்து, வலியும் நான் மேலே சொன்ன மாதிரி இருந்தால் நோய் உறுதியாகிவிடும். அந்த ஆய்வகத்தின் வரம்பு 60 என்றால் 180-ஐத் தாண்டினாலே போதும். இவருக்கு 1,450 வருகிறது. மச்சான் அதைப் பார்த்து வெலவெலத்துப் போகிறார். ஆனால் லைபேஸ் ஏறிய உயரத்துக்கும் நோயின் கடுமைக்கும் தொடர்பில்லை. 4,000 வந்தவர் நான்காம் நாள் நடந்து வீட்டுக்குப் போவதும் உண்டு, 300 வந்தவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்குத் திணறுவதும் உண்டு. அதனால்தான் தினமும் லைபேஸ் பார்ப்பதில் பயனில்லை. அதே போலத்தான் சி.டி. ஸ்கேனும். நோய் என்ன என்பதில் சந்தேகம் இல்லையென்றால் முதல் நாளே அதை எடுக்க அவசியமில்லை. கணையத்தின் எந்தப் பகுதி செத்துப்போயிருக்கிறது என்பது மூன்று, நான்கு நாள் கழித்துத்தான் ஸ்கேனில் தெளிவாகும். முதல் நாள் கட்டாயம் எடுக்க வேண்டியது சாதாரண வயிற்று அல்ட்ராசவுண்ட். குடிப்பவர் என்று தெரிந்தாலும் பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். குடிப்பவருக்கும் கல் இருக்கும்.

இனிமேல்தான் உறவினர்களுக்குப் புரியவைக்கக் கடினமான பகுதி. கணைய வீக்கத்தை அடக்கும் மருந்து என்று இதுவரை ஒன்றும் இல்லை. பாட்டில் பாட்டிலாக ஏறுவதைப் பார்த்து 'மருந்து ஏறுகிறது' என்று நினைத்துக்கொள்கிறோம், அதில் பெரும்பகுதி உப்புத் தண்ணீர். கணையம் தானாக ஆறவேண்டும், அது ஆறும்வரை மற்ற உறுப்புகள் சாய்ந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம்.

அந்த உப்புத் தண்ணீரையே எவ்வளவு கொடுப்பது என்பதில் மருத்துவ உலகம் அண்மையில் மனம் மாறியிருக்கிறது. வீங்கிய கணையத்தைச் சுற்றி ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவதால் உடல் வறண்டு, சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும். அதனால் எவ்வளவு ஊற்றுகிறோமோ அவ்வளவு நல்லது என்று பல காலம் நம்பினார்கள். வாட்டர்ஃபால் என்ற பெயரில் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. அதில் ஒரு பிரிவினருக்கு வேகமாகவும் மற்றொரு பிரிவினருக்கு அளவாகவும் ரிங்கர் லாக்டேட் திரவம் ஏற்றினார்கள். வேகமாக ஏற்றியதால் நோய் கடுமையாவது குறையவில்லை. உடலில் நீர் கோத்து மூச்சுத் திணறியவர்கள் மட்டும் அந்தப் பிரிவில் ஐந்தில் ஒருவர் ஆனார்கள், அளவாக ஏற்றியவர்களில் பதினாறில் ஒருவர்தான். ஆய்வையே பாதியில் நிறுத்தவேண்டி வந்தது. நம் ஓட்டுநரின் 60 கிலோ எடைக்கு அந்த அளவான முறையில் கணக்கு இப்படி வரும்: வறண்டிருந்தால் முதல் இரண்டு மணி நேரத்தில் 600 மில்லி, அதன்பின் மணிக்கு 90 மில்லி. மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் இறங்குகிறதா, ரத்தத்தில் யூரியா குறைகிறதா, நாடித் துடிப்பு அடங்குகிறதா என்று சில மணிக்கு ஒருமுறை பார்த்துக் கூட்டியோ குறைத்தோ வைப்பார்கள். "பாட்டில் மெதுவா சொட்டுதே, சிஸ்டர், கொஞ்சம் வேகமா விடுங்க" என்று கேட்கும் மச்சானுக்கு இதுதான் பதில். சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டால் அதுதான் சரியான கேள்வி.

வலிக்குத் தேவைப்பட்டால் ஓபியாய்டு வகை ஊசிகளே போடலாம். அவை கணையத்துக்குக் கெடுதல் என்ற பழைய பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கிருமிக்கொல்லி மருந்து ஆரம்பத்தில் வேண்டாம். முதல் வாரத்தில் வரும் காய்ச்சல் பெரும்பாலும் அழற்சியின் சூடுதான், கிருமி இல்லை. "இவ்வளவு பெரிய வியாதிக்கு ஆன்டிபயாடிக் போடலையா" என்று கேட்கும் உறவினருக்குப் பயந்து எழுதிக்கொடுக்கும் வழக்கம் இருப்பதைச் சொல்லாமல் விடமுடியாது. தேவையில்லாமல் போடும் மருந்து, பின்னால் உண்மையிலேயே கிருமி தொற்றும்போது எடுபடாமல் போகும்.

சேர்க்கும் நேரத்தில் நடந்த ஒரு உரையாடலுக்குத் திரும்பிப் போகவேண்டும்.

"குடிப்பாராம்மா?"

"இல்ல சார். எப்பவாவது விசேஷத்துக்கு."

மச்சான் பக்கத்தில் நிற்கிறார், வார்டில் நாலு பேர் கேட்கிறார்கள், அந்த அம்மாவால் வேறு என்ன சொல்ல முடியும்? பதிவேட்டில் 'எப்போதாவது' என்று ஏறிவிடுகிறது. திங்களும் செவ்வாயும் வலியோடு போகின்றன. செவ்வாய் மாலை கை நடுங்குகிறது, வியர்க்கிறது, தூக்கமில்லை, எரிந்து விழுகிறார். புதன் இரவு சுவரில் பூச்சி ஓடுகிறது என்கிறார், டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வண்டி எடுக்கப் போகவேண்டும் என்று எழுகிறார். வீட்டில் எல்லோரும் 'வியாதி மூளைக்குப் போய்விட்டது' என்று அழுகிறார்கள். இது கணையத்தின் வேலை இல்லை. 12 ஆண்டு தினமும் பழகிய மது திடீரென்று நின்றதால் வரும் விலகல் குழப்பம், கடைசியாகக் குடித்து இரண்டு முதல் நான்கு நாளில் தலைகாட்டும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், உயிரும் போகும். தினக்குடி என்று முதல் நாளே தெரிந்திருந்தால் லோராசெபாம் போன்ற மருந்தை அளவோடு கொடுத்து இதைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம். தையமின் என்ற பி1 வைட்டமின் ஊசியையும் குளுக்கோஸ் ஏற்றும் முன்பே போட்டிருப்பார்கள். சொல்ல வேண்டியது மூன்றே விஷயம்: எவ்வளவு, எத்தனை வருஷமாக, கடைசியாக எப்போது. நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம்.

இதே இரண்டு நாளில்தான் நோயின் போக்கும் தெரியும். ஐந்தில் நான்கு பேருக்கு இது லேசான நோய், ஒரு வாரத்துக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். மீதிப் பேரில் நுரையீரலோ சிறுநீரகமோ ரத்த அழுத்தமோ தடுமாறும். அந்தத் தடுமாற்றம் 48 மணி நேரத்துக்குள் சரியானால் நடுத்தரம், அதற்கு மேலும் நீடித்தால் கடுமை. கடுமையானவர்களில் ஐந்தில் ஒருவரோ அதைவிடக் கூடுதலாகவோ இறக்கிறார்கள். ஆகவே முதல் இரண்டு நாளில் மருத்துவர் 'இப்போது ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது' என்றால் அது மழுப்பல் இல்லை. நிமிடத்துக்கு 90-ஐத் தாண்டிய நாடி அடங்க மறுப்பது, மூச்சு வாங்குவது, ஆக்சிஜன் அளவு இறங்குவது, சிறுநீர் குறைவது ஆகியவைதான் கெட்ட அறிகுறிகள். தீவிர சிகிச்சை வசதி இல்லாத மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு மாற்ற வேண்டுமென்றால் இந்தக் கட்டத்திலேயே மாற்றிவிட வேண்டும்.

கடுமையான நோயில் கணையத்தின் ஒரு பகுதி செத்துப்போவதும் உண்டு. ஸ்கேனில் இதைக் கேட்டவுடன் உறவினர்கள் "அழுகினதை உடனே ஆபரேஷன் பண்ணி எடுத்துடுங்க" என்பார்கள். முன்பு அப்படித்தான் செய்தார்கள், பலர் மேசையிலேயும் அதன் பிறகும் இறந்தார்கள். முதல் வாரங்களில் செத்த திசுவும் உயிருள்ள திசுவும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கும், கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. சுமார் நான்கு வாரத்தில் உடலே அதைச் சுற்றி ஒரு சுவர் கட்டிவிடும். செத்த திசுவில் கிருமி தொற்றாமல், தொந்தரவும் செய்யாமல் இருந்தால் எதுவுமே செய்யாமல் விட்டுவிடலாம். தொற்றினால் கிருமிக்கொல்லி கொடுத்து முடிந்தவரை அந்தச் சுவர் கெட்டிப்படக் காத்திருந்து, முதுகுப்புறமாக ஒரு குழாய் செருகியோ எண்டோஸ்கோப் வழியாக இரைப்பைச் சுவரில் துளையிட்டோ சீழை வடிப்பார்கள். நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், இப்படிக் குழாய் போட்டுத் தொடங்கியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அதோடே சரியானது, அறுவை தேவைப்படவே இல்லை.

இனிச் சாப்பாடு. 'கணையத்துக்கு ஓய்வு' என்ற பெயரில் நாட்கணக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருந்த காலம் உண்டு. இன்றைக்கும் அதைப் பார்க்கிறோம். குடல் காலியாகக் கிடந்தால் அதன் உள்பூச்சு மெலிந்து, அங்கேயுள்ள கிருமிகள் ரத்தத்துக்குள் கசிய வழியாகிறது. அந்தக் கிருமிகள்தான் பின்னால் செத்த திசுவைத் தொற்றுகின்றன. லேசான நோயில் வாந்தி நின்று, வலி தணிந்து, பசி எடுத்தால் முதல் 24 மணி நேரத்திலேயே சாப்பிடத் தொடங்கலாம், லைபேஸ் இறங்கக் காத்திருக்க வேண்டாம். முதலில் நீர், பிறகு கஞ்சி, பிறகு குழைந்த சோறு என்று படிப்படியாக ஏற வேண்டும் என்பதுகூட இல்லை, எண்ணெய் படாத இரண்டு இட்லியோடு தொடங்கினால் தவறில்லை. சாப்பிட்டதும் வலி கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் பார்க்கலாம். நாலைந்து நாளாகியும் வாயால் எடுக்க முடியாதவர்களுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டுத் திரவ உணவு செலுத்துவார்கள். பார்க்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் ரத்தக் குழாய் வழியாக ஊட்டம் ஏற்றுவதைவிட அதுதான் பாதுகாப்பு.

பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு 45 வயது, வாழ்நாளில் மது தொட்டதில்லை. ஆறு மாதமாகக் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட இரவெல்லாம் வலது விலாவுக்குக் கீழ் வலி வந்து போகும், கேஸ் என்று விட்டுவிட்டார். இப்போது அதே 1,000-க்கு மேல் லைபேஸ். கூடவே கல்லீரல் நொதியான ஏ.எல்.டி. அளவும் 150-ஐத் தாண்டியிருக்கிறது. இது கல்தான் காரணம் என்பதற்கு நல்ல தடயம். அல்ட்ராசவுண்டில் பித்தப்பையில் மிளகளவுக் கற்கள்.

இவருக்கும் முதல் மூன்று நாள் வைத்தியம் ஓட்டுநருக்கு நடந்ததேதான். வித்தியாசம் அதன் பிறகு. மாட்டிய கல்லை எண்டோஸ்கோப் விட்டு உடனே எடுக்கவேண்டாமா என்று கேட்பார்கள். அந்தச் சிகிச்சைக்கு இ.ஆர்.சி.பி. என்று பெயர். பெரும்பாலும் வேண்டியதில்லை, நோயாளி மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் கல் தானாகக் குடலுக்குள் விழுந்துவிட்டிருக்கும். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சள் காமாலை என்று பித்தக் குழாயில் சீழ் பிடித்த அறிகுறி இருந்தால் மட்டும் 24 மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும். அந்தச் சிகிச்சையே சிலருக்குக் கணைய அழற்சியைக் கிளப்பும் என்பதால் சும்மா செய்து பார்க்கக் கூடாது.

நான்காம் நாள் வலி போய்விட்டது, சாப்பிடுகிறார். "வீட்டுக்குப் போய் ரெண்டு மாசம் கழிச்சு, பொண்ணு பரீட்சை முடிஞ்சதும் வந்து பித்தப்பை ஆபரேஷன் பண்ணிக்கிறோம் டாக்டர்" என்கிறார் கணவர். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பையில் இன்னும் பத்துப் பதினைந்து மிளகு உட்கார்ந்திருக்கிறது. நெதர்லாந்தில் இன்னொரு ஆய்வு, 2015-இல் வெளியானது, இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டது. லேசான நோயிலிருந்து தேறியவர்களில் ஒரு பாதிக்கு அதே சேர்க்கையில் பித்தப்பையை எடுத்தார்கள், மறுபாதியை வீட்டுக்கு அனுப்பி நான்கு வாரம் போல் கழித்து வரச்சொன்னார்கள். காத்திருந்தவர்களில் 17 சதவீதம் பேர் கல்லால் மறுபடி படுத்தார்கள். உடனே எடுத்தவர்களில் 5 சதவீதம்தான். எனவே லேசான நோயில் பித்தப்பையோடு வீட்டுக்குப் போகாமல் இருப்பதே சரி. கணையத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கும் கடுமையான நோயில் மட்டும் அது வற்றும்வரை, சுமார் ஆறு வாரம், தள்ளிவைப்பார்கள். வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரையும் என்று யாராவது சொல்வார்கள். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படும் வீட்டு வைத்தியம், பித்தப்பையில் இருப்பது வேறு பொருளால் ஆன வேறு கல்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வகையான தவறு நடக்கிறது. ஒன்று, ஒரு மாதம் முழுக்க வெறும் கஞ்சியும் ரொட்டியும். இந்த நோய் தசையைத் தின்றுவிடும், புரதம் இல்லாமல் அது திரும்பாது. மற்றொன்று, 'உடம்பு தேற' என்று ஆட்டுக்கால் சூப், மேலே நெய் மிதக்கும் அந்த ஒரு கிண்ணத்திலேயே நாள் கணக்கு முடிந்துவிடும். முதல் சில வாரத்துக்கு நாளொன்றுக்குக் கொழுப்பு மொத்தமாக 30 கிராமை ஒட்டி இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டு சமையலைத் திட்டமிடலாம். ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஏறக்குறைய 5 கிராம் கொழுப்பு. ஒருவருக்கு நாளைக்கு இரண்டு, மூன்று டீஸ்பூனில் தாளிப்பை முடித்தால் மீதி, உணவுப் பொருளில் தானாக இருக்கும் கொழுப்புக்குப் போகும்.

பாலில் கவனம் தேவை. ஃபுல் கிரீம் பாலில் 6 சதவீதம் கொழுப்பு, அரை லிட்டர் குடித்தாலே 30 கிராம் தீர்ந்தது. டபுள் டோன்டு பாலில் 1.5 சதவீதம்தான், அதில் தோய்த்த தயிரும் மோரும் தாராளமாகச் சாப்பிடலாம். தேங்காயின் எடையில் மூன்றில் ஒரு பங்கும், வேர்க்கடலையில் ஏறக்குறைய பாதியும் கொழுப்பு. இட்லிக்கு எந்தக் குறையும் இல்லை, சிக்கல் சட்னியில் இருக்கிறது. தக்காளிச் சட்னி, புதினாத் துவையல், தேங்காய் அரைக்காத சாம்பார் என்று மாற்றிக்கொள்ளலாம். புரதத்துக்கு முட்டையின் வெள்ளை, பாசிப்பருப்பு, ஆவியில் வெந்த மீன் அல்லது எண்ணெய் குறைந்த மீன் குழம்பு, தோல் நீக்கிய கோழி. மூன்று வேளையில் வயிறு முட்டச் சாப்பிடுவதை ஐந்து, ஆறு சிறு வேளையாகப் பிரிக்க வேண்டும். பரோட்டா, சால்னா, பஜ்ஜி, பிரியாணி, ஆட்டுக்கறியின் கொழுப்புத் துண்டு இவை இப்போதைக்கு இல்லை. கல்லை எடுத்துவிட்டு வந்த அந்தப் பெண்மணிக்கு இதெல்லாம் சில வாரம்தான். சாப்பிட்டால் வலியும் வயிற்றுப்போக்கும் இல்லையென்றால் மெல்ல மெல்ல வீட்டுச் சாப்பாட்டுக்கே திரும்பிவிடலாம், ஆயுள் முழுக்கப் பத்தியம் வேண்டியதில்லை.

கணையத்தின் பெரும்பகுதி செத்துப்போனவர்களுக்கும், பல ஆண்டு மதுவால் கணையம் சுருங்கிப்போனவர்களுக்கும் நிலைமை வேறு. அடையாளம் கழிப்பறையில் தெரியும்: மலம் வெளிறி, பளபளவென்று எண்ணெய்ப் பசையோடு, மிதந்து, தண்ணீர் ஊற்றியும் போகாமல் ஒட்டிக்கொள்ளும், நாற்றம் கூடுதலாக இருக்கும், எடை குறையும். கொழுப்பு செரிக்கவில்லை என்று பொருள். இதற்குக் கொழுப்பைக் குறைத்துக்கொண்டே போனால் ஆள்தான் மெலிவார். நொதி மாத்திரை எடுக்க வேண்டும். பெரிய சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட் லைபேஸ் என்று தொடங்குவார்கள். பலர் 'மாத்திரை வேலை செய்யவில்லை' என்பதற்குக் காரணம் அதை வெறும் வயிற்றிலோ சாப்பிட்டு முடித்த பிறகோ போடுவதுதான். முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று என்று சோற்றோடு கலந்து போனால்தான் அது செரிக்கும். சர்க்கரை அளவையும் மூன்று மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை கணையம் வீங்கியவர்களில் கணிசமானோருக்குப் பின்னாளில் நீரிழிவு வருகிறது, லேசாக வந்து போனவர்களுக்கும்கூட.

ஓட்டுநருக்குப் பத்தியத்தைவிடப் பெரிய வேலை காத்திருக்கிறது. கல்லுக்கு ஒரு அறுவை உண்டு, மதுவுக்கு அப்படி ஒன்று இல்லை. 'குறைச்சுக்கிறேன்' என்பது இந்த உறுப்பிடம் செல்லாது. மறுபடி குடித்தால் மறுபடி வீங்கும், ஒவ்வொரு வீக்கத்துக்கும் கொஞ்சம் கணையம் வடுவாக இறுகும். டிஸ்சார்ஜ் சீட்டில் 'மதுவைத் தவிர்க்கவும்' என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பதோடு மருத்துவமனை கைகழுவுவதுதான் வழக்கம். பின்லாந்தில் 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று அந்த வரி எவ்வளவு போதாது என்று காட்டியது. எல்லா நோயாளிகளுக்கும் மருத்துவமனையில் ஒருமுறை நர்ஸ் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். ஒரு பாதியை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி வரவழைத்து அதே பேச்சைத் தொடர்ந்தார்கள். இரண்டு ஆண்டில், ஒருமுறை மட்டும் பேசியவர்களில் 21 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, தொடர்ந்து பேசியவர்களில் 8 சதவீதம் பேருக்கே. புது மருந்து எதுவும் இல்லை, ஒரு நர்ஸும் ஒரு நாற்காலியும்தான். நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது, குடிப்பழக்கத்துக்கு மருந்தும் ஆலோசனையும் அங்கே கிடைக்கும். வார்டிலிருந்து கிளம்பும் முன்பே அந்தப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கேட்டு வாங்கி, அடுத்து வரவேண்டிய தேதியையும் அதிலேயே குறித்துக்கொண்டு போவது மனைவியாலும் மச்சானாலும் செய்யக்கூடிய காரியம். வீட்டில் மறுபடி அந்த முதுகைத் துளைக்கும் வலியோ, நிற்காத வாந்தியோ, குளிர்நடுக்கக் காய்ச்சலோ வந்தால் ஓமத் தண்ணீரில் நேரம் போக்காமல் பழைய டிஸ்சார்ஜ் சீட்டோடு அன்றைக்கே திரும்பி வரவேண்டும்.